வாடகையைக் குறைத்துக் கேட்கும் கடிதம்: எழுதுவது எப்படி?

அலுவல் கடிதம் என்றதும் விண்ணப்பமும் புகாரும்தான் நம் நினைவுக்கு வரும். இம்முறை பேரம் பேசும் கடிதத்தைப் பார்ப்போம். வகுப்புக்கும் உதவும், வாடகை வீட்டில் இருக்கும் நமக்கும் உதவும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். கிள்ளானில் ஒரு தாமானில் இரட்டை மாடி வீடு. மாத வாடகை 1,500 ரிங்கிட். இரண்டு வருட ஒப்பந்தம் முடியப் போகிறது. வீட்டுக்காரர் 1,750 கேட்கிறார். குடியிருப்பவர் 1,600-க்குப் பேச நினைக்கிறார்.

எழுதும் முன் பழைய ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்க. பல ஒப்பந்தங்களில் புதுப்பிக்கும் உரிமை பற்றி ஒரு பிரிவு இருக்கும். புதிய வாடகை ‘அப்போதைய சந்தை வாடகை’ என்றும், இரண்டு அல்லது மூன்று மாதம் முன்பே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்றும் அதில் இருக்கலாம். அந்தத் தேதி கடந்துவிட்டால் உரிமையை இழக்க நேரிடும். அந்தப் பிரிவே இல்லையென்றால் உங்கள் கடிதம் வேண்டுகோள் மட்டும்தான். தொனியும் அதற்கேற்ப அமைய வேண்டும்.

அடுத்தது பக்கத்து வீட்டு விளம்பரங்கள். இங்கேதான் பலர் வழுக்கி விழுவாங்க. விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலை, கைமாறிய விலை அல்ல. அதனால் மிகக் குறைந்த விலை வீட்டை மட்டும் காட்டினால், வீட்டுக்காரர் மிக உயர்ந்ததைக் காட்டி வாயை அடைத்துவிடுவார். அதே தாமானில், அதே வகை வீடாக, மூன்றைத் தேர்ந்தெடுங்க. ஒன்று 1,550, தளவாடம் இல்லாதது. ஒன்று 1,600, நம் வீட்டைப் போன்றது. மற்றொன்று 1,750, ஆனால் இரண்டு ஏர்கோனும் புதிய சமையலறை அலமாரியும் உண்டு. மூன்றாவதை மறைக்காமல் சொல்லி, வேறுபாட்டையும் சொல்வதுதான் நம்பிக்கையைத் தரும். பார்த்த தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. ஒரே விளம்பரம் வாரக் கணக்கில் அப்படியே கிடந்தால், அந்த விலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று ஊகிக்கலாம்.

பிறகு பராமரிப்பு. இதில் இரண்டு வகை உண்டு, கலக்கக் கூடாது. நீங்கள் செலவு செய்து சரிசெய்தவை ஒன்று. வீட்டுக்காரர் இன்னும் செய்யாமல் இருப்பவை மற்றொன்று. முதலாவதைப் பழைய கடன் போல எழுதினால் அவருக்குக் கோபம் வரும். வீடு நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்றாக எழுதுங்க. இரண்டாவதைத் தேதியோடு, புகார் தொனி இல்லாமல் எழுதுங்க.

கடிதத்தின் உடல் பகுதி இப்படி அமையலாம்:

“மதிப்பிற்குரிய ஐயா, ஒப்பந்தம் வரும் ஆகஸ்ட் 31-இல் முடிகிறது. மேலும் இரண்டு வருடம் இதே வீட்டில் இருக்க விரும்புகிறோம். தாங்கள் 1,750 ரிங்கிட் கேட்டிருந்தீர்கள். இதே தாமானில் இம்மாதம் விளம்பரமான மூன்று வீடுகளின் விவரத்தை இணைத்துள்ளேன். 1,750 கேட்கும் வீட்டில் இரண்டு ஏர்கோன் உள்ளன. நம் வீட்டை ஒத்த வீட்டுக்கு 1,600 கேட்கிறார்கள்.

இரண்டு வருடமும் வாடகையைத் தவறாமல் செலுத்தியுள்ளோம். சென்ற வருடம் கீழ்மாடிக்குச் சாயம் அடித்தோம், தண்ணீர்த் தொட்டியின் மிதவையை மாற்றினோம். ரசீதுகள் உள்ளன. பின்னறைக் கூரை ஒழுகலை ஏப்ரலில் தெரிவித்தோம், அது இன்னும் சரியாகவில்லை.

எனவே, 1,600 ரிங்கிட் வாடகையும், கூரையைச் சரிசெய்வதும் என்று தாங்கள் இசைய வேண்டுகிறேன். ஜூன் 10-க்குள் தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.”

‘இல்லையென்றால் காலி செய்கிறேன்’ என்று இதில் இல்லை, கவனிச்சீங்களா? உண்மையில் போகத் தயாராக இல்லாதவர் அதை எழுதக் கூடாது. அவருக்கான கணக்கு வேறு. 1,750-க்கும் 1,600-க்கும் வேறுபாடு மாதம் 150, வருடத்துக்கு 1,800. வீடு ஒரு மாதம் காலியாகக் கிடந்தாலே 1,750 போய்விடும். முகவர் கட்டணமும் சேர்ந்தால் முதல் வருடத்தில் அவருக்கு நட்டம்தான். இதை எழுத வேண்டியதில்லை. நேரில் பேசும்போது ‘தொடர்ந்து இருப்போம்’ என்று சொன்னால் அவரே கணக்குப் போட்டுக்கொள்வார்.

இசைந்தால் அதோடு நின்றுவிடாதீங்க. டெபாசிட் இரண்டு மாத வாடகை என்றிருந்தால், 100 ரிங்கிட் உயர்வுக்கு மேலும் 200 கேட்கக்கூடும். கூரை வேலைக்கு ஒரு தேதி புதிய ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். ஒப்பந்தத்துக்கு முத்திரை வரியும் கட்டிவிடுங்க. முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்ட முடியாது.

வகுப்பில் செய்ய: மூன்று விளம்பரங்களைக் கொடுத்து, எது நியாயமான ஒப்பீடு, எது இல்லை, ஏன் என்று மாணவர்களை ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். கடிதம் அதன் பிறகு வரட்டும்.