பதிவேடு முதலில், பட்டியல் பிறகு

உடற்கல்வி புராஜெக்டில் மாணவர்கள் பெரும்பாலும் உணவுப் பட்டியலைத்தான் முதலில் எழுதுகிறார்கள். 16 முதல் 18 வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 2,500 கலோரி என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. அதை எழுதி, ஏழு நாளுக்கும் ஏறக்குறைய ஒரே சாப்பாட்டை நிரப்பிவிடுகிறார்கள். பயிற்சிப் பதிவேடு கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுகிறது. இந்த வரிசையை மாற்ற வேண்டும். ஒரு மாணவி எந்த நாளில் எவ்வளவு ஓடினாள் என்று தெரியாமல் எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று எப்படிச் சொல்வது?

800 மீட்டர் ஓடும் ஒரு பிளஸ் ஒன் மாணவியை மாதிரியாக எடுத்துக்கொள்வோம். எடை 50 கிலோ. பயிற்சியைக் குறிக்க அவள் நோட்டில் தினமும் இரண்டே எண்கள் போதும். ஒன்று, எத்தனை நிமிடம் பயிற்சி. மற்றொன்று, அது எவ்வளவு கடினமாக இருந்தது என்பதற்கு அவளே பத்துக்கு இடும் மதிப்பெண். பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து இதைப் போட வேண்டும். முடித்த கையோடு போட்டால் கடைசி ஓட்டத்தின் மூச்சிரைப்பு மட்டுமே மதிப்பெண்ணாகிவிடும். இரண்டையும் பெருக்கினால் அன்றைய பளு. அமெரிக்க உடற்பயிற்சி அறிவியலாளர் கார்ல் ஃபாஸ்டர் பரவலாக்கிய முறை இது. ஸ்டாப்வாட்சும் பேனாவும் இருந்தால் போதும்.

திங்கள் நிதான ஓட்டம், 60 நிமிடம், மதிப்பெண் 4: பளு 240. செவ்வாய் 400 மீட்டர் இன்டர்வல், 60 நிமிடம், 8: 480. புதன் 135, வியாழன் 525, வெள்ளி ஓய்வு, சனி 480, ஞாயிறு 250. வாரக் கூட்டுத்தொகை 2,110. அடுத்த வாரம் மண்டலப் போட்டிக்காகக் கபடி அணியிலும் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று வையுங்கள். மூன்று மாலைகள், ஒவ்வொன்றும் 60 நிமிடம், மதிப்பெண் 6. மொத்தம் 3,190 ஆகிவிடுகிறது. ஒரே வாரத்தில் பாதிக்கு மேல் கூடிய இந்தப் பளு, நோட்டில் எழுதாவிட்டால் பி.இ.டி. சாருக்கும் தெரியாது, வீட்டில் அம்மாவுக்கும் தெரியாது. தட்டில் அதே நான்கு இட்லிதான் இருக்கும்.

இப்போது தட்டுக்கு வருவோம். வளரும் வயதில் இந்த அளவு பயிற்சி செய்பவருக்கு எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் ஒன்றரை கிராம் புரதம் வேண்டும். இவளுக்கு 75 கிராம். காலையில் நான்கு இட்லி, மதியம் சாம்பார் சாதமும் பொரியலும், மாலையில் டீயும் பிஸ்கட்டும், இரவு மூன்று தோசை: எல்லாம் சேர்த்தாலும் ஏறக்குறைய 35 கிராம்தான் வரும். வயிறு நிறைந்துவிடுவதால் இந்தக் குறை கண்ணுக்குத் தெரிவதில்லை. பவுடர் டப்பா வாங்க வேண்டியதில்லை. இரண்டு முட்டை 12 கிராம், 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்த சுண்டல் 10, ஒரு டம்ளர் பால் 6, மதியம் ஒரு கப் தயிர் 6, ஒரு கை வறுத்த வேர்க்கடலை 6. மீதி 40 இப்படியே வந்துவிடும். சுண்டல் மாலைக்குரியது; பிஸ்கட்டின் இடத்தில் அது வரட்டும்.

மாவுச்சத்தை மட்டும் பளுவைப் பார்த்து ஏற்றி இறக்க வேண்டும். பளு 450ஐத் தாண்டும் செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் விடியற்காலை ஓட்டத்துக்கு முன் ஒரு வாழைப்பழம், ஓடி வந்ததும் கூடுதலாக இரண்டு இட்லி, மதியம் இன்னும் ஒரு கரண்டி சாதம். கபடி வந்த வாரத்தில் அந்த மூன்று மாலைகளுக்கும் இதே கணக்கு. ஓய்வு நாளில் கூடுதலை விட்டால் போதும், வழக்கமான சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. தசை பழுதுபார்க்கப்படுவது அன்றைக்கும்தான்.

இந்த வயதுப் பெண்களுக்கு நாளுக்கு 32 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை. அதே வயதுப் பையன்களுக்கு 26. கீரையிலும் கேழ்வரகிலும் இருப்பது உடலில் எளிதில் சேராது. கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் கூடுதலாகச் சேரும். சாப்பாட்டோடு டீ குடித்தால் குறையும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள்.

பட்டியல் போதுமா என்பதைப் பதிவேடே காட்டிக்கொடுக்கும். போதாவிட்டால், திங்கட்கிழமையின் அதே நிதான ஓட்டத்துக்கு 4 போட்டவள் 6, 7 என்று போடத் தொடங்குவாள். எழுந்ததும் எண்ணும் நாடித்துடிப்பு வழக்கத்தைவிடக் கூடியே இருக்கும். எடை இறங்கும். இப்படித் தெரிந்தால் முதலில் பளுவைக் குறைத்து, பிறகு சாப்பாட்டைக் கூட்ட வேண்டும். நோட்டின் கடைசிக் கட்டம் மாதவிடாய்த் தேதிக்கு. அதை அவளும் அம்மாவும் பார்த்தால் போதும், மதிப்பெண்ணுக்காக வகுப்பில் காட்ட வேண்டியதில்லை. தொடர்ந்து மூன்று மாதம் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் பயிற்சியை நிறுத்திவைத்து மருத்துவரிடம் போக வேண்டும். போகும்போது இந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். அவர் கேட்கப்போகும் கேள்விகளில் பாதிக்குப் பதில் அதில் இருக்கும்.