ஏ.என்.ஏ. பாசிட்டிவ் என்றால் லூபஸா?

மூட்டு வலி, முடி கொட்டுதல் என்று போனால் டாக்டர் எழுதித் தரும் டெஸ்ட்களில் இப்போது ஏ.என்.ஏ.யும் இருக்கிறது. ‘பாசிட்டிவ்’ என்று வந்துவிட்டால் போதும், வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது.

நோய்க்கிருமியைத் தாக்க வேண்டிய ஆன்டிபாடி, நம் செல்லின் அணுக்கருவையே எதிரியாக நினைத்துவிடுவது லூபஸ் முதலான இணைப்புத் திசு நோய்களின் அடையாளம். அதைத்தான் இந்த டெஸ்ட் தேடுகிறது. ஹெப்-2 என்ற மனிதச் செல்கள் பரப்பிய ஸ்லைடில், நீர்த்த சீரத்தை விடுவார்கள். ஆன்டிபாடி இருந்தால் அணுக்கருவில் ஒட்டிக்கொள்ளும். ஒளிரும் சாயம் சேர்த்துப் பார்த்தால் மைக்ரோஸ்கோப்பில் பச்சையாக மின்னும்.

எத்தனை மடங்கு நீர்த்தும் மின்னுகிறது என்பதே ரிப்போர்ட்டில் உள்ள எண். 1997இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், ஆரோக்கியமானவர்களிலேயே சுமார் 13 சதவீதம் பேருக்கு 1:80இல் பாசிட்டிவ் வந்தது. 1:320இல் அது 3 சதவீதமாகக் குறைந்தது. ஆக, அறிகுறி இல்லாதவருக்கு வந்த 1:80ஐ வைத்துக்கொண்டு கலங்க வேண்டியதில்லை.

அடுத்தது, மின்னும் விதம். அணுக்கரு முழுக்க ஒரே சீராக மின்னினால் டி.என்.ஏ. அல்லது ஹிஸ்டோனுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கலாம். பொடிப்பொடிப் புள்ளிகளாக இருந்தால் எஸ்.எம்., ஆர்.என்.பி., ரோ, லா ஆகியவற்றைத் தேட வேண்டும். எண்ணிவிடக்கூடிய தனித்தனிப் புள்ளிகள் சென்ட்ரோமியரைக் காட்டும். அது தோல் இறுகும் ஸ்க்ளீரோடெர்மாவின் பக்கம் போகும் தடயம். பேட்டர்ன் திசையைத்தான் காட்டும், நோயின் பெயரைச் சொல்லாது. பரீட்சைக்குப் படிப்பவர்களே இதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

24 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலையில் கைவிரல் மூட்டுகள் வீங்கி, அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பாக இருக்கின்றன. ஏ.என்.ஏ. 1:640, ஒரே சீரான பேட்டர்ன். 2019இல் ஐரோப்பிய, அமெரிக்க மூட்டுநோய் வல்லுநர்கள் வகுத்த அளவுகோலில் 1:80 என்பது நுழைவுச்சீட்டு மட்டுமே. அதன்பிறகு 10 புள்ளி சேர வேண்டும். மூட்டுக்கு 6. டி.என்.ஏ. ஆன்டிபாடியும் இருக்கிறது, இன்னொரு 6. சி3, சி4 இரண்டும் குறைந்திருக்கின்றன, 4. மொத்தம் 16 ஆகிவிட்டது. சிறுநீரில் ஒரு நாளைக்கு அரை கிராமுக்கு மேல் புரதம் போகிறது என்றால் மேலும் 4.

இந்தக் கடைசி நாலில்தான் ஆபத்து. சிறுநீரகம் பாதிக்கப்படும்போது ஆரம்பத்தில் வலி தெரியாது. டி.என்.ஏ. ஆன்டிபாடி ஏறி, சி3 இறங்கினால் நோய் கிளம்புகிறது என்று சந்தேகிக்கலாம். எஸ்.எம். லூபஸை உறுதிசெய்ய உதவும், ஆனால் நோயின் வேகத்தோடு ஏறி இறங்காது. ஏ.என்.ஏ.யும் அப்படித்தான், ஒருமுறை பாசிட்டிவ் வந்தபின் அதையே மாதாமாதம் எடுப்பது வீண் செலவு. அந்தப் பணத்தில் சிறுநீர் டெஸ்ட் எடுங்கள்.