தன்வந்தரம் சரி, எந்தத் தன்வந்தரம்?

கைபேசிக்கு ஒரு படம் வருகிறது. பழுப்பு நிறப் பாட்டில், அதன் லேபிளில் பெரிய எழுத்தில் 'தன்வந்தரம்'. கூடவே ஒரு கேள்வி: "அம்மாவுக்கு மூட்டுவலி, இதைக் கொடுக்கலாமா?"

இந்த ஒரு படத்தை வைத்துப் பதில் சொல்லக் கூடாது. தன்வந்தரம் என்ற பெயரில் தைலம் உண்டு, குழம்பு உண்டு, கஷாயமும் குளிகையும் உண்டு. தைலமும் குழம்பும் உடம்பில் தேய்ப்பதற்கு. கஷாயம் வெந்நீர் கலந்து குடிப்பதற்கு. ஒரே கம்பெனியின் தைலமும் கஷாயமும் ஒரே மாதிரிப் பாட்டிலில், ஒரே நிற லேபிளோடு வரலாம். படத்தைக் கொடுத்து இணையத்தில் தேடினாலும் நிறமும் வடிவமும் ஒத்துப்போகும் ஏதோ ஒரு பாட்டில்தான் வந்து நிற்கும். உள்ளே இருப்பது எண்ணெயா கஷாயமா என்று அந்தத் தேடலுக்குத் தெரியாது.

அதனால் முன்பக்கப் படம் போதாது. பாட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, சுற்றிலும் மூன்று படங்களாவது எடுக்கச் சொல்லுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், வளைந்த லேபிளில் அது பட்டுத் தெறித்து, படிக்க வேண்டிய வரியையே மறைத்துவிடும். ஜன்னல் ஓரத்து வெளிச்சம் நல்லது. பேட்ச் எண்ணும் தயாரிப்புத் தேதியும் பெரும்பாலும் பிறகு தனியாக அச்சடிக்கப்படுபவை. மூடியிலோ, பாட்டிலின் கழுத்திலோ, அடியிலோ இருக்கும். அட்டைப்பெட்டி இருந்தால் அதையும் எடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிப் பொடி எழுத்து கலங்கிவிடும், 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால் அப்படியே வரும்.

இனிப் படிக்கலாம். பொருள்கள் பட்டியலின் தொடக்கத்தைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் தைலத்திலும் கஷாயத்திலும் குறுந்தோட்டி வேர்தான் முதன்மையானது. பட்டியலில் நல்லெண்ணெயும் பாலும் இருந்தால் அது தைலமோ குழம்போ, கஷாயம் அல்ல. 'வெளி உபயோகத்திற்கு மட்டும்' என்ற வரி இருந்தால் சந்தேகமே இல்லை. '101 ஆவர்த்தி' என்று போட்டிருந்தால் அது பலமுறை காய்ச்சிய தைலம். வைத்தியர் அளவு சொல்லி உள்ளுக்கும் கொடுப்பது. அதை நாமாக முடிவு செய்யக் கூடாது.

அடுத்தது உரிமம். 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 161ஆவது விதி, ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளின் லேபிளில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்கிறது. அதில் நான் முதலில் தேடுவது இரண்டு. ஒன்று, 'ஆயுர்வேதிக் மெடிசின்' என்ற சொற்கள். மற்றது, தயாரிப்பு உரிம எண். இது 'எம்.எல்.' என்றோ 'மேனுஃபாக்சரிங் லைசென்ஸ் நம்பர்' என்றோ தொடங்கும். உரிமம் 25-டி என்ற படிவத்தில் வழங்கப்படுவதால் சில எண்களில் அதுவும் கலந்திருக்கும். எண்ணின் அமைப்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும், ஆகவே அமைப்பை மட்டும் பார்த்து உண்மையா பொய்யா என்று தீர்மானிக்க முடியாது.

எண் யாருடையது என்பதையும் பாருங்கள். விற்பனை செய்யும் கம்பெனியின் பெயர் பெரிதாக இருக்கும், தயாரித்தவரின் பெயரும் முகவரியும் கீழே பொடியாக இருக்கும். உரிமம் தயாரிப்புக்கு உரியது. முகவரி எந்த மாநிலமோ, அந்த மாநிலத்தின் உரிமம் வழங்கும் அதிகாரியிடம்தான் சரிபார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் அது இந்திய மருத்துவத் துறை. கேட்கும்போது எண்ணோடு நிறுத்தாமல், இந்த மருந்துக்கே அனுமதி உண்டா என்றும் கேளுங்கள். உண்மையான உரிமம் வைத்திருப்பவரும் அனுமதி பெறாத ஒரு பொருளை அதே எண்ணில் விற்க முடியும்.

உரிம எண் இருக்க வேண்டிய இடத்தில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் மட்டும் இருந்தால், அந்தப் பாட்டில் சட்டப்படி உணவு. அது மூட்டுவலியைக் குணப்படுத்தும் என்று லேபிளில் எழுத அதற்கு அனுமதி இல்லை. ஐ.எஸ்.ஓ. எண்ணும் வணிகச் சின்னமும் மருந்து உரிமம் ஆகமாட்டா. 'ஹெர்பல்' என்ற சொல் எந்த உரிமத்தையும் குறிக்காது. 'ஆயுஷ் அமைச்சகம் அங்கீகரித்தது' என்று போட்டிருந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். தனித்தனி மருந்துகளைத் தாங்கள் அங்கீகரிப்பதில்லை, உரிமம் தருவது மாநில அதிகாரிகளே என்று அந்த அமைச்சகமே 2024இல் பொது அறிவிப்பு வெளியிட்டது.

எல்லாம் சரியாக இருந்தாலும் லேபிள் சொல்லாத ஒன்று உண்டு. எண்ணெயில் கலப்படம் இருக்கிறதா, ஈயமோ ஸ்டீராய்டோ சேர்ந்திருக்கிறதா என்பது ஆய்வகத்தில்தான் தெரியும். உரிம எண்ணோ பேட்ச் எண்ணோ இல்லாத மருந்தைப் பயன்படுத்த வேண்டாம். புகார் செய்ய நினைத்தால் படத்தோடு, மீதி மருந்துள்ள பாட்டிலையும் பெட்டியையும் கடை ரசீதையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.