குழியின் அளவா, தண்ணீரின் அளவா?

கல்வராயன் மலையில் மழை வலுத்தால், அடிவாரத்தில் கச்சிராயபாளையம் பக்கம் உள்ளவர்கள் முதலில் விசாரிப்பது கோமுகி அணையின் நீர்மட்டத்தைத்தான். அணையின் உயரம் 46 அடி, கொள்ளளவு சுமார் 560 மில்லியன் கன அடி. லிட்டரில் சொன்னால் ஏறக்குறைய 1,586 கோடி. அணையில் 23 அடி தண்ணீர் நின்றால் பாதி அணை நிறைந்துவிட்டது என்று கணக்குப் போட முடியாது. அடியில் குறுகி, மேலே போகப் போகப் பரந்து விரியும் பள்ளத்தாக்கு அது. எந்த மட்டத்துக்கு எவ்வளவு தண்ணீர் என்று பொறியாளர்கள் முன்கூட்டியே அளந்து அட்டவணை போட்டு வைத்திருப்பார்கள்.

வீட்டுக்குக் கீழே கட்டும் செவ்வகச் சம்புக்கு இந்தத் தொல்லை இல்லை. சுவர்கள் நேராக நிற்பதால் அடியில் ஓர் அங்குலம் தண்ணீரும் மேலே ஓர் அங்குலம் தண்ணீரும் ஒரே அளவுதான். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கினால் போதும். ஆனால் எந்த நீளம், எந்த அகலம், எந்த ஆழம் என்பதில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள்.

வெள்ளிமலையில் ஒரு குடும்பம் வீடு கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். சம்புக்குக் குழி வெட்டியாயிற்று. 8 அடி நீளம், 6 அடி அகலம், 6 அடி ஆழம். பெருக்கினால் 288 கன அடி. ஒரு கன அடியில் 28.317 லிட்டர் பிடிக்கும். ஆக 8,155 லிட்டர். “எட்டாயிரம் லிட்டர் சம்பு” என்ற பேச்சு இப்படித்தான் பிறக்கிறது. குழியைப் பொறுத்தவரை அது சரியான கணக்கு. ஆனால் தண்ணீர் நிற்கப்போவது குழியில் அல்ல, அதற்குள் கட்டப்படும் தொட்டியில்.

நான்கு பக்கமும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் எழும்புகிறது. எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டும் சேர்ந்து ஒன்றரை அடியைத் தின்றுவிடும். உள்பூச்சு பக்கத்துக்கு அரை அங்குலம் என்றால், இரு பக்கமும் சேர்த்து இன்னும் ஓர் அங்குலம் போகிறது. நீளம் 6 அடி 5 அங்குலமாகவும் அகலம் 4 அடி 5 அங்குலமாகவும் சுருங்கிவிட்டன. அடிக்கான்கிரீட்டும் அதன்மேல் பூச்சும் சேர்ந்து 6 அங்குலம், மேலே மூடும் கான்கிரீட் 5 அங்குலம். மேல்தளத்தின் அடிப்பக்கம்வரை மிஞ்சும் ஆழம் 5 அடி 1 அங்குலம்.

அடியும் அங்குலமும் கலந்த அளவை அப்படியே பெருக்கக் கூடாது. 6 அடி 5 அங்குலத்தைக் கால்குலேட்டரில் 6.5 என்று தட்டுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. அடிக்குப் பன்னிரண்டு அங்குலம் என்பதால் அது 6.42 அடிதான். இந்தச் சம்பின் மூன்று அளவுகளையும் 6.5, 4.5, 5.1 என்று போட்டால் சுமார் 145 லிட்டர் கூடுதலாகக் காட்டும்.

இதைத் தவிர்க்க எல்லாவற்றையும் அங்குலமாக்கிவிடலாம். 77, 53, 61. மூன்றையும் பெருக்கினால் 2,48,941 கன அங்குலம். ஒரு லிட்டருக்கு 61.024 கன அங்குலம். வகுத்தால் 4,079 லிட்டர் வருகிறது. எட்டாயிரம் என்று பேசப்பட்ட சம்பு சரிபாதி ஆகிவிட்டது. ஒரு சொட்டுத் தண்ணீரும் கசியவில்லை, கொத்தனாரும் எதையும் குறைக்கவில்லை. சுவரும் தளமும் எடுத்துக்கொண்ட இடம்தான் அவ்வளவும். சம்பு சிறியதாக இருக்க இருக்க, குழியில் சுவரின் பங்கு கூடிக்கொண்டே போகும்.

டேப்பின் மறுபக்கத்தில் உள்ள சென்டிமீட்டரில் அளப்பவர்களுக்கு வேலை இன்னும் எளிது. மூன்றையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் நேராக லிட்டர். பக்கத்துக்குப் பத்து சென்டிமீட்டர் உள்ள கனசதுரத்தையே லிட்டர் என்று வைத்ததால் கிடைக்கும் வசதி இது. இடையில், 1901 முதல் 1964 வரை, ஒரு கிலோ தண்ணீரின் கன அளவே லிட்டர் என்று மாற்றி வைத்திருந்தார்கள். அந்த லிட்டர் ஆயிரம் கன சென்டிமீட்டரைவிட இம்மியளவு அதிகம். 1964-இல் பழைய வரையறைக்கே திரும்பினார்கள். இந்தியா மெட்ரிக் அளவைக்கான சட்டத்தை 1956-லேயே இயற்றிவிட்டது. கட்டட வேலையில் மட்டும் அடியும் அங்குலமும் இன்னும் அசையவில்லை.

4,079 லிட்டரும் கைக்கு வந்துவிடாது. மேலே மிதவை வால்வு தண்ணீரை நிறுத்தும் இடத்துக்கும் தளத்துக்கும் நடுவே 8 அங்குலம் காலி. கீழே மோட்டாரின் ஃபுட் வால்வு வண்டலை உறிஞ்சாமலிருக்க, அதைத் தரையிலிருந்து 6 அங்குலம் தூக்கி வைக்கிறார்கள். அதற்குக் கீழே உள்ள தண்ணீர் மோட்டாருக்கு எட்டாது. 61 அங்குலத்தில் 14 போனால் 47 அங்குலம். எடுத்துப் புழங்க முடிந்தது 3,143 லிட்டர்.

ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கிடுகிறது. அதன்படி நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இந்தச் சம்பு சுமார் 14 நாள் தாங்கும். எட்டாயிரத்தை நம்பி இருப்பவர்கள் ஐந்து வாரத்துக்குப் போதும் என்று நினைத்திருப்பார்கள். குழாயில் தண்ணீர் வராத கோடையில் இந்த மூன்று வார வித்தியாசம் வீட்டையே ஆட்டிவிடும்.

அளப்பதிலும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். சுவர் மேலே ஓர் அளவும் கீழே ஓர் அளவுமாக நிற்பதுண்டு. பூச்சு முடிந்தபின் இரண்டு இடத்திலும் அளந்து சராசரி எடுக்க வேண்டும். மூலைக்கு மூலை குறுக்கே டேப் பிடித்தால் இரண்டு அளவும் ஒன்றாக வர வேண்டும். வராவிட்டால் அது செவ்வகம் அல்ல, பெருக்கி வந்த எண் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். உள்ளே தூணோ உத்திரமோ நீட்டிக்கொண்டிருந்தால் அதன் கன அளவைக் கழித்துவிட வேண்டும். நெடுநாள் மூடிக்கிடந்த சம்பாக இருந்தால் அளப்பதற்காக யாரும் உள்ளே இறங்கவே கூடாது. உள்ளே பிராணவாயு குறைந்திருக்கும், இறங்கியவர் மயங்கி விழுந்து உயிர்போன சம்பவங்கள் தமிழ்நாட்டில் மறுபடி மறுபடி நடந்திருக்கின்றன. ஆழத்துக்கு மேலிருந்து ஒரு கம்பியை விட்டாலே போதும்.

போட்ட கணக்கு சரியா என்று பார்க்கவும் அதே கம்பி உதவும். 77-ஐ 53-ஆல் பெருக்கி, லிட்டருக்கான 61.024-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 67. அதாவது இந்தச் சம்பில் ஓர் அங்குலத் தண்ணீர் 67 லிட்டர். மாடியில் காலியாக இருக்கும் 500 லிட்டர் தொட்டியை மோட்டார் போட்டு நிரப்புங்கள். அந்த நேரத்தில் சம்புக்குள் தண்ணீர் வந்துகொண்டிருக்கக் கூடாது. நீர்மட்டம் ஏழரை அங்குலம் இறங்கியிருந்தால் அளந்தது சரி. ஆறு அங்குலம்தான் இறங்கியது என்றால் சம்பு நினைத்ததைவிடப் பெரியது. ஒன்பது அங்குலம் இறங்கினால் ஒன்று அளவு தவறு, அல்லது வழியில் எங்கோ தண்ணீர் ஒழுகுகிறது. மோட்டாரை நிறுத்திவிட்டு ஓரிரவு கழித்து மட்டத்தைப் பார்த்தால், ஒழுகுவது சம்பா குழாயா என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

புது வீடு கட்டுபவர்கள் ஒப்பந்தத் தாளில் “8-க்கு 6 சம்பு” என்று எழுதினால் விட்டுவிடாதீர்கள். பூச்சுக்குப் பிந்திய உள்ளளவையும், தண்ணீர் நிற்கும் உயரத்தையும், லிட்டரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். ஓர் அங்குலத்துக்கு எத்தனை லிட்டர் என்ற எண்ணை மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே பெயின்ட்டால் எழுதி வையுங்கள்.