சங்கிலிப்பட்டையும் சக்கரமும்: கரடுமுரடான நிலத்தில் ரோவரின் சறுக்குத் திருப்பமும் ஆற்றலிழப்பும் – பெரம்பலூர், அரியலூர் நிலப்பரப்பை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கரடுமுரடான நிலத்தில் இயங்கும் ரோவருக்குச் சங்கிலிப்பட்டை ஏற்றதா, சக்கரம் ஏற்றதா என்னும் வினா பெரும்பாலும் நேர்ப்பாதை இயக்கத்தைக் கொண்டே விவாதிக்கப்படுகிறது. ஆயின் மோட்டாருக்கு மிகுந்த சுமை ஏற்படுவது திரும்பும்போதுதான். இக்கட்டுரை சறுக்குத் திருப்பத்தில் எழும் தடையை எளிய கணக்கீட்டின் வழி விளக்கி, பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் நிலவகைகளுக்கு அதனைப் பொருத்திப் பார்க்கிறது.

திறவுச்சொற்கள்: ரோவர், சங்கிலிப்பட்டை, சறுக்குத் திருப்பம், உராய்வுக் கெழு, உருளல் தடை.

முன்னுரை

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் சிறு தொலைவுக்குள் மூன்று வேறுபட்ட தரைகளைக் காணலாம். அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் தளம் கெட்டியானது. அதன்மேல் கூரிய கற்சில்லுகள் சிதறிக் கிடக்கும். பெரம்பலூர் மாவட்டத்துக் காரை பகுதியில் கிரெட்டேசியக் காலத்துக் கடற்களிமண் மழைநீரால் அரிக்கப்பட்டு ஓடைப்பள்ளங்களாகப் பிளந்துள்ளது. ஜிப்சத் தகடுகள் அதில் விரவியுள்ளன. பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் கரிசல் நிலமோ கோடையில் வெடித்துப் பிளவுபட்டு, மழையில் உப்பிப் பசைபோல் ஒட்டும். தொல்லுயிர் எச்ச ஆய்வுக்கோ சுரங்கக் கண்காணிப்புக்கோ இங்கு ஒரு ரோவரை வடிவமைப்பவர் இம்மூன்று தரைகளையும் எதிர்கொள்ள வேண்டும்.

சறுக்குத் திருப்பத்தின் இயல்பு

மகிழுந்தில் முன்சக்கரங்கள் திசை மாறுவதால் ஊர்தி திரும்புகிறது. சங்கிலிப்பட்டையை அவ்வாறு திருப்ப இயலாது. இடப்பக்கப் பட்டையும் வலப்பக்கப் பட்டையும் வெவ்வேறு வேகத்தில் ஓடுவதாலேயே திருப்பம் நிகழ்கிறது. அப்போது பட்டையின் முன்முனை ஒரு பக்கமும் பின்முனை மறுபக்கமும் தரைமீது பக்கவாட்டில் இழுபடுகின்றன. இந்த இழுபாட்டைத் தரை எதிர்க்கிறது. அந்த எதிர்ப்பை வெல்லச் செலவிடும் ஆற்றலே திருப்ப இழப்பு ஆகும்.

ரோவரின் எடை W, பட்டை தரையைத் தொடும் நீளம் L, பக்கவாட்டு உராய்வுக் கெழு μ எனக் கொள்வோம். எடை பட்டையின் நீளம் முழுதும் சீராகப் பரவியிருந்தால், திருப்பத்தை எதிர்க்கும் திருப்புத்திறன் பின்வருமாறு அமையும்:

M = μWL/4

பட்டைகளுக்கு இடைப்பட்ட அகலம் B எனில், நின்ற இடத்தில் திரும்புவதற்கு ஒவ்வொரு பட்டையும் தரவேண்டிய விசை M/B ஆகும். ஆகவே நீளத்திற்கும் அகலத்திற்கும் உள்ள விகிதமே (L/B) திருப்பத்தின் கடுமையைத் தீர்மானிக்கிறது.

சக்கர ஊர்தியும் சறுக்கித் திரும்பலாம். அச்சிடைத் தொலைவு L கொண்ட நான்கு சக்கர ரோவரில் எடை முழுதும் இரு முனைகளிலேயே நிற்கிறது; எனவே M = μWL/2. ஆறு சக்கரங்கள் சம எடையைத் தாங்கினால் நடுச்சக்கரங்கள் மிகச் சிறிதளவே பக்கவாட்டில் இழுபடும்; அப்போது M = μWL/3. அதாவது நீளமும் உராய்வும் ஒன்றாக இருப்பின், நான்கு சக்கரங்களைவிடச் சங்கிலிப்பட்டையே குறைவாகத் திணறுகிறது. பட்டையைத்தான் திருப்புவது கடினம் என்னும் பொதுக்கருத்து, பட்டை பெரும்பாலும் நீளமாக அமைக்கப்படுவதால் எழுந்தது.

ஓர் எடுத்துக்காட்டு

40 கிலோகிராம் நிறையுள்ள சங்கிலிப்பட்டை ரோவரைக் கருதுவோம். இதன் எடை ஏறத்தாழ 400 நியூட்டன். L = 0.6 மீட்டர், B = 0.4 மீட்டர், பட்டையின் அகலம் 0.1 மீட்டர் என்க. உலர்ந்த களிமண்ணுக்கு μ = 0.5 எனவும் உருளல் தடைக் கெழு 0.1 எனவும் கணக்கீட்டுக்காகக் கொள்வோம்.

நேராகச் செல்ல ஒவ்வொரு பட்டைக்கும் 20 நியூட்டன் விசை போதும். திரும்பும்போது M = 30 நியூட்டன் மீட்டர்; அதற்குப் பட்டை ஒன்றுக்கு 75 நியூட்டன் வேண்டும். உருளல் தடையையும் சேர்த்தால் 95 நியூட்டன். நேர்ப்பாதையைப் போல் இது ஏறத்தாழ ஐந்து மடங்கு. மோட்டாரின் மின்னோட்டம் முறுக்குவிசைக்கு நேர்விகிதத்தில் உயர்வதாலும், சுருளில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதாலும், வெப்பம் இருபது மடங்கிற்கு மேல் கூடுகிறது. நேர்ப்பாதையைக் கருதித் தேர்ந்த மோட்டார் சில திருப்பங்களிலேயே சூடேறி நிற்பதன் காரணம் இதுவே.

90 பாகை திரும்ப உருளல் தடை உட்பட ஏறத்தாழ 60 ஜூல் செலவாகிறது. அதே ஆற்றலில் ரோவர் ஒன்றரை மீட்டர் நேராகச் சென்றிருக்கும். 100 மீட்டர் பாதையில் இத்தகைய 20 திருப்பங்கள் இருந்தால், 4,000 ஜூலுடன் மேலும் 1,200 ஜூல் சேரும். இழப்பு திரும்பும் கோணங்களின் கூட்டுத்தொகையைச் சார்ந்தது. ஆதலின் பாதையை வகுக்கும்போது தொலைவை மட்டுமன்றிக் கோணங்களையும் குறைக்க வேண்டும்.

ஈரக் கரிசலில் நிகழ்வது

மேற்கண்ட ரோவரின் ஒவ்வொரு பட்டையும் 200 நியூட்டன் எடையைத் தாங்குகிறது. தரைப்பிடிப்புக் கெழு 0.5 எனில், கிடைக்கும் உச்ச விசை 100 நியூட்டன். தேவை 95 என்பதால் ரோவர் அரிதின் முயன்று திரும்புகிறது. மழைக்குப்பின் பிடிப்பு 0.3 ஆகக் குறைந்தால் கிடைப்பது 60 நியூட்டன் மட்டுமே. பக்கத் தடையோ அதே அளவு குறைவதில்லை. பட்டை மண்ணில் புதைந்திருப்பதால் அதன் பக்கச்சுவர் சேற்றைத் தள்ளி வரப்புபோல் குவிக்கிறது. அக்குவியல் புதிய தடையாகிறது. விளைவாகப் பட்டைகள் சுழல்கின்றன. ரோவர் திரும்பாமல் குழிதோண்டி அமிழ்கிறது.

இதனை முன்கூட்டியே அறிய இயலும். மோட்டார் மின்னோட்டம் உயர்ந்தபடி இருக்க, திசைமானி காட்டும் திரும்பு வேகம் கட்டளையிட்ட அளவினும் குறைந்துகொண்டே சென்றால், திருப்பத்தை நிறுத்தி வந்த தடத்திலேயே பின்வாங்க வேண்டும். தொடர்ந்து முயன்றால், பல்சக்கரத்தில் அப்பிய களியும் பக்கவிசையும் சேர்ந்து பட்டையைக் கழற்றிவிடும்.

சக்கரம் இதற்குத் தீர்வாகுமா? மேற்கண்ட பட்டைகளின் சராசரித் தரை அழுத்தம் 3.3 கிலோபாஸ்கல். அதே எடையை நான்கு சக்கரங்கள் தாங்கி, ஒவ்வொன்றும் 60 சதுர சென்டிமீட்டர் பரப்பில் தரையைத் தொட்டால் அழுத்தம் ஏறத்தாழ 17 கிலோபாஸ்கல் ஆகும். ஆகவே சேற்றில் சக்கரம் நேராகச் செல்லும்போதே ஆழமாக அமிழ்ந்துவிடும். சிறந்த வழி பட்டையின் வடிவை மாற்றுவதாகும். L = 0.4, B = 0.5 மீட்டர் எனக் கொண்டால் உலர்தரையில் தேவைப்படும் விசை 95இலிருந்து 60 நியூட்டனாகக் குறையும். அழுத்தம் 5 கிலோபாஸ்கலாக மட்டுமே உயரும். நடு உருளையைச் சில மில்லிமீட்டர் தாழ்த்தி எடையை மையத்திற்குக் கொணர்வதும் கெட்டித் தரையில் திருப்பத்தை எளிதாக்கும். ஆயினும் குட்டையான பட்டை ஓடைப்பள்ளங்களைத் தாண்டுவதில் பின்தங்கும்.

விண்வெளி ரோவர்கள் தரும் ஒப்பீடு

2023 ஆகஸ்டில் நிலவில் இறங்கிய சந்திரயான்-3இன் பிரக்யான், 26 கிலோகிராம் நிறையும் ஆறு சக்கரங்களும் கொண்டது. சக்கர வேக வேறுபாட்டாலேயே அது திரும்பியது. நிலவில் அதன் எடை ஏறத்தாழ 42 நியூட்டன் மட்டுமே; திருப்புத்தடை எடைக்கு நேர்விகிதமாதலால் அதுவும் ஆறில் ஒரு பங்காகிறது. திசை திருப்பும் தனி மோட்டார்களைத் தவிர்த்து நிறையைச் சேமிப்பது அங்குப் பொருத்தமாயிற்று. செவ்வாயில் இயங்கும் கியூரியாசிட்டி ஏறத்தாழ 900 கிலோகிராம் நிறையுடையது; அதன் நான்கு மூலைச் சக்கரங்களும் தனித்தனியே திசை மாறுகின்றன. ஆகவே நிறை மிகுந்தால், திசைமாறும் சக்கரங்களுக்கான கூடுதல் மோட்டார்கள் தம் பயனை ஈட்டிவிடுகின்றன.

முடிவுரை

சுண்ணாம்புக்கல் சுரங்கத் தளத்தில் அமிழ்தல் இல்லை, உராய்வோ மிகுதி. அங்குச் சறுக்குத் திருப்பம் ஆற்றலை வீணாக்குவதுடன் கற்சில்லுகளால் இரப்பர்ப் பட்டையையும் அறுக்கும். எனவே திசைமாறும் சக்கரங்களே ஏற்றவை. காரையின் ஓடைப்பள்ளங்களுக்குப் பள்ளத்தின் அகலத்தை ஒட்டி நீளம் வரையறுக்கப்பட்ட பட்டை பொருந்தும். ஈரக் கரிசலுக்கு L/B விகிதம் 1க்கு அருகில் அமைந்த, குட்டையும் அகலமுமான பட்டையே தக்கது. மூன்றிற்கும் ஒரே ஊர்தி வேண்டுமெனில், மோட்டாரை நேர்ப்பாதை விசையைக் கொண்டன்றி, மிகக் கடுமையான தரையில் நிகழும் திருப்பத்தின் விசையைக் கொண்டே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது இக்கணக்கீட்டால் பெறப்படுகிறது.