ஒரே கம்பெனி... ஒருவருக்கு 134 ரூபாய், இன்னொருவருக்கு 228 ரூபாய்: டிசிஎஃப் கணக்கு எங்கே ஆடுகிறது?

ஒரே கம்பெனி, ஒரே கணக்கு முறை. ஓர் அனலிஸ்ட் ‘பங்கின் மதிப்பு 134 ரூபாய்’ என்கிறார். இன்னொருவர் ‘228 ரூபாய்’ என்கிறார். யாரும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் எங்கே இடிக்கிறது?

டிசிஎஃப் என்றால்?

டிஸ்கவுண்டட் கேஷ் ஃப்ளோ என்பதன் சுருக்கம்தான் டிசிஎஃப். ஒரு கம்பெனி செலவும் முதலீடும் போக வருஷா வருஷம் கையில் மிச்சம் வைக்கப்போகும் பணத்தை இன்றைய மதிப்புக்கு மாற்றிக் கூட்டுவதே இது. 12% வருமானம் எதிர்பார்ப்பவருக்கு, அடுத்த வருஷம் வரும் 112 ரூபாய் இன்றைய 100 ரூபாய்க்குச் சமம். இந்த 12 சதவீதம்தான் டிஸ்கவுண்ட் ரேட்.

ஒரு கணக்கு போடுவோம்

கடன் இல்லாத ஒரு கற்பனை கம்பெனி. மொத்தம் 10 கோடி பங்குகள். முதல் வருஷம் மிச்சமாகும் பணம் 100 கோடி ரூபாய். ஐந்தாம் வருஷம் வரை அது ஆண்டுக்கு 10% வளர்கிறது. 12 சதவீதத்தில் கழித்தால், ஐந்து வருஷப் பணத்தின் இன்றைய மதிப்பு சுமார் 431 கோடி.

அதற்குப் பிறகு? கம்பெனி மூடிவிடாதே! ஆறாம் வருஷத்திலிருந்து காலாகாலத்துக்கும் 5% வளரும் என்று வைத்து, மீதி மொத்தத்தையும் ஒரே எண்ணாகப் போடுவார்கள். இதுதான் டெர்மினல் வேல்யூ. ஆறாம் வருஷப் பணம் 154 கோடியை, டிஸ்கவுண்ட் ரேட்டுக்கும் வளர்ச்சிக்கும் உள்ள இடைவெளியால், அதாவது 12-5=7 சதவீதத்தால் வகுக்க வேண்டும். அதை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 1,246 கோடி. ஆக மொத்தம் 1,677 கோடி. பங்குக்கு சுமார் 168 ரூபாய். இதில் முக்கால் பங்கு, யாருமே பார்க்காத ஐந்தாம் வருஷத்துக்குப் பிந்தைய காலத்திலிருந்து வருகிறது.

ஒரே ஒரு சதவீதம்தான்

இப்போது 12-ஐ 11 ஆக்கி, 5-ஐ 6 ஆக்குங்கள். இடைவெளி 7-லிருந்து 5 ஆகிவிடும். பங்கு மதிப்பு 228 ரூபாய்க்குத் தாவும். மாறாக 13, 4 என்று போட்டால் இடைவெளி 9; மதிப்பு 134 ரூபாய்தான். ஆனால் முதல் ஐந்து வருஷத்தின் மதிப்பு 420-லிருந்து 442 கோடிக்குள்தான் நகர்கிறது. ஆட்டமெல்லாம் டெர்மினல் வேல்யூவில். வகுக்கும் எண் சிறியதாக இருப்பதால், அதில் சின்ன மாற்றம்கூட விடையைப் புரட்டிப்போடுகிறது.

எப்படிச் சரிபார்ப்பது?

டார்கெட் விலையைப் பார்த்தவுடன் நம்பாமல், அதில் டெர்மினல் வேல்யூவின் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். அடுத்து, கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். இந்தப் பங்கு சந்தையில் 228 ரூபாய்க்குப் போகிறது என்று வையுங்கள். 12% வருமானம் வேண்டுமென்றால், ஐந்து வருஷத்துக்குப் பிறகு கம்பெனி என்றென்றைக்கும் ஆண்டுக்கு சுமார் 7.2% வளர வேண்டும். ஒரு நாட்டின் பொருளாதாரத்தைவிட வேகமாக எந்தக் கம்பெனியாலும் காலாகாலத்துக்கும் வளர முடியாது. எனவே ‘விலை சரியா?’ என்ற கேள்வி, ‘இந்த 7.2% நடக்குமா?’ என்று மாறுகிறது. இதற்கு அந்தத் தொழிலைத் தெரிந்தவர் பதில் சொல்லலாம். எக்ஸெல் ஷீட் சொல்லாது.