பொட்டு வைத்த இடத்தில் வட்டமாக ஓர் அரிப்பு

படிவம் நான்கு மாணவி ஒருவர் என்னிடம் வந்து நெற்றியைக் காட்டினார். ஸ்டிக்கர் பொட்டு ஒட்டும் இடத்தில், அதே அளவில் தோல் சிவந்து தடித்திருந்தது. கடுமையான அரிப்பு வேறு. "ரெண்டு வருஷமா இதே பொட்டுதான் டீச்சர், அதனால இருக்காது" என்றார்.

பலரும் இப்படித்தான் நினைக்கிறோம். ஆனால், தொடுகை ஒவ்வாமை பழகிய பொருளிலும் வரும். பொட்டின் பசையில் உள்ள சில பிசின்களின் மூலக்கூறுகள் மிகச் சிறியவை. அவை தோலுக்குள் புகுந்து அங்குள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. நோய் எதிர்ப்பு மண்டலம் அதை அந்நியப் பொருளாக எண்ணி, அதை அடையாளம் காணும் 'டி' அணுக்களைப் பெருக்கி வைக்கிறது. சிலருக்குச் சில வாரங்களில், சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து இது நடக்கும். அதுவரை வெளியே ஒன்றும் தெரியாது. அதன் பிறகு அதே பொருள் பட்டால், அந்த அணுக்கள் அங்கே திரளும். அதற்கு ஒன்றிரண்டு நாள் ஆகும். இறால் சாப்பிட்டுச் சில நிமிடங்களில் உடம்பெல்லாம் தடிப்பது வேறு வகை ஒவ்வாமை. ஆகவே, அரிப்பு வந்தால் இன்று பட்டதை மட்டும் யோசிக்காதீர்கள். முந்தாநாள் பட்டதையும் யோசியுங்கள்.

அடுத்த துப்பு வடிவம். ஒவ்வாமைத் தடிப்பு பெரும்பாலும் பொருள் பட்ட இடத்தோடு நிற்கும். சில வேளைகளில் சிறு நீர்க்கொப்புளங்களும் வரும். படர்தாமரையும் வட்டமாகத்தான் இருக்கும். ஆனால், அது மெல்ல மெல்லப் பெரிதாகும், ஓரம் தடித்து நடுப்பகுதி தெளியும். சிலருக்குப் பொட்டின் இடத்தில் வெள்ளைத் தழும்பு விழுவதும் உண்டு. பசையிலுள்ள ஒரு வேதிப்பொருள் நிறமி அணுக்களைத் தாக்குவதே காரணம்.

முடிச்சாயத்தில் இந்த வடிவம் நம்மை ஏமாற்றிவிடும். சாயம் பட்டது தலையில். வீங்குவதோ கண் இமையும் காதும். தலைத்தோல் தடிமனானது, இமைத்தோல் மிக மெல்லியது. கறுப்புச் சாயங்கள் பலவற்றில் உள்ள பாரா-பீனைலீன்டையமீன்தான் வழக்கமான காரணி. 'அம்மோனியா இல்லை' என்று பெட்டியில் போட்டிருந்தாலும் இது இருக்கலாம். தீபாவளிச் சந்தையில் போடும் 'கறுப்பு மருதாணி'யிலும் இதைக் கலப்பதுண்டு. உண்மையான மருதாணி செம்பழுப்பாகத்தான் பிடிக்கும், கறுப்பாகப் பிடிக்காது. சின்ன வயதில் கையில் போட்ட அந்தக் கறுப்புக் கோலத்தால் உடல் பழகிவிட்டால், பிற்பாடு முதன்முதலாகத் தலைக்குச் சாயம் பூசும்போதே முகம் வீங்கலாம்.

அந்த மாணவியிடம் பொட்டை நிறுத்தச் சொன்னேன். இடத்தை மாற்றி ஒட்டிப் பார்க்கவும் கூடாது என்றேன்; பசை அதேதான். கிளினிக்கில் தந்த களிம்பில் இரண்டு வாரத்தில் தடிப்பு அடங்கியது. ஆனால், அணுக்களின் நினைவு லேசில் மறையாது. முகம் வீங்கி மூச்சுத் திணறினால் மட்டும் களிம்பெல்லாம் போதாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எந்தப் பொருள் என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால் தோல் நிபுணர் ஒட்டுச் சோதனை செய்வார். சந்தேகப் பொருள்களைச் சிறு சிறு துளிகளாக முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார். மேலும் இரண்டு நாள் கழித்து இன்னொரு முறை பார்ப்பார். தாமதமாக வரும் தடிப்பு அப்போதுதான் அகப்படும்.